மச்சான் போட்ட கையெழுத்தும் என் தலையில் விழுந்த கடனும்: கூட்டுத் தொழில் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

திருப்பூரில் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். நூல் கடன், சாயப்பட்டறை பாக்கி, பாதியில் முறிந்த கூட்டு என்று என் மேஜைக்கு வரும் கட்டுகளில் பாதிக்கு மேல் பார்ட்னர்ஷிப் சம்பந்தப்பட்டவைதான். கேட்பவர்கள் மாறுகிறார்களே தவிர, கேள்விகள் மாறுவதில்லை.

விளக்கத்துக்கு ஒரே ஒரு ஃபர்மை எடுத்துக்கொள்கிறேன். அது நான் பார்த்த பல கட்டுகளைக் கலந்து செய்த கற்பனை. பனியன் துணி நிட்டிங் யூனிட், மூன்று பார்ட்னர்கள். பணம் அதிகம் போட்டவர் பெரியவர், 20 லட்சம். அவர் மனைவியின் தம்பி, 10 லட்சம். அவரை மச்சான் என்றே சொல்வோம். மூன்றாமவர் மெஷின் தெரிந்த மாஸ்டர், 2 லட்சம். லாபமும் நஷ்டமும் மூவருக்கும் சமம் என்று பார்ட்னர்ஷிப் டீடில் எழுதியிருக்கிறது. அடிப்படைச் சட்டம் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். கீழே வெறுமனே பிரிவு என்று சொன்னால் அந்தச் சட்டத்தின் பிரிவு.

"நூல் எடுத்தது மச்சான், பில்லுல கையெழுத்துப் போட்டதும் மச்சான். நூல்காரர் எங்கிட்ட வந்து நிக்கறாருங்க. நான் எதுக்குக் கட்டணும்?"

கட்டத்தான் வேண்டும். காரணம் பிரிவு 18-இல் இருக்கிறது. ஃபர்மின் தொழிலைப் பொறுத்தவரை ஒவ்வொரு பார்ட்னரும் ஃபர்முக்கு ஏஜென்ட். மச்சான் நூல் எடுத்தபோது அவர் தனக்காக எடுக்கவில்லை, உங்களுக்காகவும் மாஸ்டருக்காகவும் சேர்த்துத்தான் எடுத்தார். நீங்கள் அன்று ஊரிலேயே இல்லை, போனில்கூடச் சொல்லவில்லை என்பதெல்லாம் நூல்காரருக்குத் தேவையில்லாத விஷயம்.

எங்கள் பக்கம் பங்காளி என்றால் தாயாதி. அப்பன் வழியில் ஒரே கூட்டத்தில் பிறந்தவர். ஒரு பங்காளி வாங்கிய கடனை இன்னொரு பங்காளி கட்ட வேண்டும் என்று எவரும் கேட்க முடியாது. தொழில் பார்ட்னரையும் நம்மவர்கள் அந்தக் கணக்கிலேயே பார்க்கிறார்கள், "அவன் பாடு அவனுக்கு, என் பாடு எனக்கு" என்று. சட்டம் இதை நேர்மாறாக வைத்திருக்கிறது. ரத்த உறவுக்கு இல்லாத பொறுப்பு டீடில் போட்ட கையெழுத்துக்கு உண்டு.

வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பார்ப்பது இரண்டு. ஒன்று, அந்தக் காரியம் ஃபர்ம் நடத்தும் மாதிரியான தொழிலில் வழக்கமாகச் செய்யக்கூடியதா. நிட்டிங் யூனிட்டுக்கு நூல் கடனில் எடுப்பது தினசரி வேலை, அதில் வாதமே கிடையாது. இரண்டு, ஃபர்ம் பெயரில் நடந்ததா, அல்லது ஃபர்மைக் கட்டுப்படுத்தும் எண்ணம் தெரியும்படி நடந்ததா. இதற்கு நான் முதலில் கேட்பது டெலிவரி சலானின் கார்பன் காப்பியைத்தான். கீழே ஃபர்ம் பெயரும் 'பார்ட்னர்' என்ற வார்த்தையும் உள்ள ரப்பர் ஸ்டாம்ப், அதன் மேல் மச்சானின் கையெழுத்து, பக்கத்தில் கோன் எத்தனை, கிலோ எவ்வளவு, வண்டி நம்பர். இது இருந்தால் கதை முடிந்தது. ஸ்டாம்ப் இல்லாமல் வெறும் கையெழுத்து இருந்தாலும், பில் ஃபர்மின் ஜிஎஸ்டி எண்ணுக்குப் போட்டு, உள்ளீட்டு வரியையும் ஃபர்ம் எடுத்திருந்தால், "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல வாய் வராது.

"டீட்ல எனக்கு மூணுல ஒரு பங்குதாங்க. நூல் பாக்கி 15 லட்சத்துல 5 லட்சத்தக் கட்டிட்டு ஒதுங்கிக்கலாமில்லைங்க?"

ஒதுங்க முடியாது. பிரிவு 25-இன்படி, நீங்கள் பார்ட்னராக இருந்த காலத்தில் ஃபர்ம் செய்த எல்லாவற்றுக்கும் நீங்கள் மற்றவர்களோடு கூட்டாகவும் பொறுப்பு, தனியாகவும் பொறுப்பு. தனியாக என்ற வார்த்தைதான் ஆளைச் சாய்ப்பது. மூவரில் யாரிடம் சொத்து இருக்கிறதோ அவரிடமே 15 லட்சத்தையும் நூல்காரர் கேட்கலாம். பெரும்பாலும் பெரியவரைத்தான் கேட்பார், ஏனென்றால் அவர் பெயரில்தான் தோட்டம் இருக்கிறது.

டீடில் இருக்கும் மூன்றில் ஒரு பங்கு என்பது உங்களுக்குள் மட்டும் செல்லும் கணக்கு. 15 லட்சமும் கட்டிய பெரியவர், மற்ற இருவரிடமிருந்தும் தலைக்கு 5 லட்சம் திரும்பக் கேட்கலாம். ஆனால் அது அவர் தலைவலி. மாஸ்டர் கையை விரித்தால் அதற்காக நூல்காரர் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. ஃபர்ம் பெயரிலேயே வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டம் அனுமதிக்கிறது. அப்படிப் போட்டு வாங்கிய தீர்ப்பை ஃபர்ம் சொத்தின் மேல் நேரடியாக நிறைவேற்றலாம். உங்கள் சொந்தச் சொத்தைத் தொட வேண்டுமென்றால், பார்ட்னர் என்ற முறையில் சம்மன் உங்களுக்குத் தனியாகச் சார்வு ஆகியிருக்க வேண்டும், அதாவது முறைப்படி உங்களிடம் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நீங்கள் ஆஜராகி இருக்க வேண்டும், அல்லது பார்ட்னர் என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது அப்படித் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர்கள் நீதிமன்றத்தில் தனியாக அனுமதி கேட்க வேண்டும். ஆகவே சம்மன் வந்தால் கவரில் யார் பெயர், எந்த முறையில் என்று பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள். வாங்காமல் திருப்பி அனுப்புவது மட்டும் வேண்டாம். மறுத்தாலும் சார்வு ஆனதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

"ஒரு லட்சத்துக்கு மேல எது வாங்கினாலும் ரெண்டு பேர் கையெழுத்து வேணும்னு டீட்லயே எழுதியிருக்குங்க. அது செல்லாதா?"

உங்களுக்குள் செல்லும். நூல்காரருக்கு அது தெரியாமல் இருந்தால் அவரிடம் செல்லாது. பிரிவு 20 இதைத்தான் சொல்கிறது. டீடை அவர் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த விதி வேலை செய்ய வேண்டுமென்றால், அதை அவருக்கு எழுத்தில் சொல்லி, வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி வைத்திருக்க வேண்டும். கணக்குத் தொடங்கும்போதே ஒரு கடிதம் கொடுத்துவிடுவது எளிது. ஆனால் "ஆரம்பத்துலயே அப்படிச் சொன்னா நம்மள நம்பமாட்டாங்க" என்று யாரும் செய்வதில்லை.

விதியை மீறிய மச்சானிடம் நஷ்டத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது வேறு வழக்கு.

"அப்ப பார்ட்னர் என்ன பண்ணினாலும் நம்ம தலையிலதானுங்களா?"

இல்லை. சில காரியங்களுக்கு ஒரு பார்ட்னருக்குத் தானாக அதிகாரம் வராது என்று பிரிவு 19 சொல்கிறது. ஃபர்முக்காக நிலம் வாங்குவது, ஃபர்ம் நிலத்தை விற்பது, ஃபர்முக்கு வர வேண்டிய பாக்கியை விட்டுக்கொடுப்பது, வழக்கைத் திரும்பப் பெறுவது, தகராறை மத்தியஸ்தத்துக்கு விடுவது, ஃபர்ம் பணத்துக்குத் தன் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்குவது ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. தொழில் வழக்கமோ மற்ற பார்ட்னர்களின் வெளிப்படையான அனுமதியோ இல்லாமல் மச்சான் இதில் ஒன்றைச் செய்தால் அது ஃபர்மைக் கட்டுப்படுத்தாது.

மச்சான் தன் பெயரில் புரோநோட்டு எழுதிக் கைமாற்று வாங்கி மகள் கல்யாணத்தை நடத்தினால் அதுவும் உங்களைச் சேராது. குழப்பம் வருவது நடுவில் இருக்கும் கேஸ்களில்தான். புரோநோட்டு மச்சான் பெயரில் இருக்கும், பணம் ஃபர்ம் கணக்கில் ஏறியிருக்கும், வட்டியை ஃபர்ம் கட்டியிருக்கும். அப்போது எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் லெட்ஜரைத்தான் கேட்பார். வட்டி என்று ஒரு வரி அதில் இருந்தால் உங்கள் நிலைமை கஷ்டம்.

மோசடிக்கும் இதே தர்க்கம்தான். ஜாப் ஒர்க்குக்கு வந்த வெளியார் துணியை மச்சான் ரகசியமாக விற்றுவிட்டால், தொழிலின் போக்கில் ஃபர்ம் கையில் வந்த பொருள் என்பதால் அதற்கு ஃபர்மே பதில் சொல்ல வேண்டும். பிரிவுகள் 26, 27. துணி கொடுத்தவர் உங்கள் ஃபர்மை நம்பிக் கொடுத்தார், மச்சானை நம்பி அல்ல.

"நான் விலகி ரெண்டு வருஷமாச்சுங்க. விடுதலைப் பத்திரம் கையில இருக்கு. போன மாசம் எடுத்த நூலுக்கும் எனக்கு நோட்டீஸ் வருது. இதென்ன நியாயம்?"

நான் அதிகம் பார்க்கும் கட்டு இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் இதில் இரண்டு கடன்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, நீங்கள் விலகும் முன்பே ஏறிய கடன். இதிலிருந்து விலகல் உங்களை விடுவிக்காது. "இனி எல்லாக் கடனையும் தொடரும் பார்ட்னர்களே ஏற்றுக்கொள்கிறார்கள்" என்று பத்திரத்தில் எழுதியிருப்பீர்கள். அதில் நூல்காரர் கையெழுத்து இல்லையே. அவரும் சேர்ந்து சம்மதித்தால்தான் விடுதலை. பிரிவு 32 சொல்வது அந்த முத்தரப்பு ஒப்பந்தத்தைத்தான். நீங்கள் விலகியது தெரிந்த பிறகும் அவர் புது ஃபர்மோடு கொடுக்கல் வாங்கல் நடத்திய விதத்திலிருந்து அந்தச் சம்மதத்தை ஊகிக்கவும் இடமுண்டு. ஆனால் ஊகத்தை நம்பித் தூங்காமல், ஒரு வரி எழுதி வாங்கிவிடுவது மேல்.

இரண்டாவது, நீங்கள் விலகிய பிறகு ஏறிய கடன். இதற்கு நீங்கள் பொறுப்பாக வேண்டியதில்லை, பொது அறிவிப்புக் கொடுத்திருந்தால். கொடுக்கவில்லையென்றால், வெளியாரைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் பார்ட்னர்தான். விடுதலைப் பத்திரம் உங்கள் பீரோவில் இருந்தது, நூல்காரர் கண்ணில் இல்லை.

பொது அறிவிப்பு என்றால் என்ன என்பதைப் பிரிவு 72 சொல்கிறது. பதிவு செய்த ஃபர்ம் என்றால் மூன்று வேலை: ஃபர்ம் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் வெளியீடு, அந்த மாவட்டத்தில் ஓடும் உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றில் விளம்பரம். பதிவு செய்யாத ஃபர்ம் என்றால் அரசிதழும் நாளிதழும். நம்மவர்கள் நாளிதழில் நாலு வரி போட்டுவிட்டு முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். கட்டிங்கை லேமினேட் பண்ணிக் கொண்டுவந்து காட்டியவரும் உண்டு. அரசிதழ் எங்கே என்றால் முழிப்பார். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் எதிர்த்தரப்புக்கு அதுவே பிடி.

அதற்கு மேலும் ஒரு வேலை செய்யச் சொல்வேன். லெட்ஜரில் பாக்கி உள்ள ஒவ்வொருவருக்கும், கடந்த ஓராண்டில் கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும், ஒப்புகையோடு தனித்தனியாகத் தபால். பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள், ஒரு மதியம் உட்கார்ந்தால் முடியும். நாளைக்கு ஒருவர் வழக்குப் போட்டால், அவருக்கே நேராகச் சொன்னதற்கு அந்த ஒப்புகை சாட்சி.

அப்புறம் போர்டு. விலகியவரின் பெயர் பில் புக்கிலும் விசிட்டிங் கார்டிலும் கம்பெனி வாசலிலும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தால் பிரிவு 28 வரும். பார்ட்னர் என்று காட்டிக்கொண்டவரும், அப்படிக் காட்டத் தெரிந்தே விட்டவரும், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்குப் பொறுப்பு. "பெரியவர் பேர் இருந்தா நூல் கிடைக்கும், இருந்துட்டுப் போகட்டும்" என்று மச்சான் கேட்டபோது பெரியவர் தலையாட்டினாரே, அந்தத் தலையாட்டலுக்கு விலை இருக்கிறது.

ஜிஎஸ்டிக்குத் தனிக் கணக்கு. விலகியதை ஒரு மாதத்துக்குள் எழுத்தில் வரித்துறை ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், தகவல் அவர்களுக்குப் போய்ச் சேரும் நாள் வரையிலான வரிக்கும் நீங்கள் பொறுப்பு. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 90-ஆவது பிரிவு. விலகும் நாள் வரையிலான வரி பிறகு எப்போது கணக்கிடப்பட்டாலும் உங்களைத் தொடும். வங்கிக் கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருந்தால், பார்ட்னர்ஷிப்பை விட்டு விலகியது அந்த ஜாமீனை ரத்து செய்யாது. வங்கியிடம் தனியாக எழுதி விடுவித்துக்கொள்ள வேண்டும். பாக்கி இருக்கும்வரை அவர்கள் லேசில் விடமாட்டார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. நீங்கள் பார்ட்னர் என்பதே கடன் கொடுத்தவருக்குத் தெரியாமல் இருந்து, அப்படியே நீங்கள் விலகியிருந்தால், அறிவிப்பு இல்லாவிட்டாலும் அவர் உங்களைப் பிடிக்க முடியாது. பணம் மட்டும் போட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் பார்ட்னருக்கு இது உதவும்.

"எங்கப்பா பார்ட்னரா இருந்து இறந்துட்டாருங்க. இனி வர்ற கடனும் எங்களுக்குத்தானா?"

அவர் இறந்த பிறகு ஃபர்ம் செய்யும் காரியங்களுக்கு அவர் சொத்து பொறுப்பல்ல, இதற்கு அறிவிப்பும் தேவையில்லை. உயிரோடு இருந்தபோது ஏறிய கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து பொறுப்பு. வாரிசுகள் தங்களுக்கு வந்த அளவுக்குள் மட்டுமே கட்டினால் போதும்.

பார்ட்னர் இறந்தால் ஃபர்ம் கலைந்துவிடும் என்பது பொது விதி. டீடில் மாற்றி எழுதியிருந்தால் மீதி இருப்பவர்களுடன் தொடரலாம். ஆனால் இரண்டே பேர் இருந்த ஃபர்மில் ஒருவர் இறந்தால், டீடில் என்ன எழுதியிருந்தாலும் அது முடிந்தது. ஒற்றை ஆளைக் கொண்டு கூட்டு நடத்த முடியாது. கணக்கை முடிக்காமல் அப்பாவின் முதலை வைத்தே மற்றவர்கள் தொழிலை நடத்தினால், அந்த முதலால் வந்த லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ, எது வேண்டுமோ அதை வாரிசுகள் கேட்கலாம்.

"கலைக்கறதுன்னா ஷட்டர இழுத்து விட்டுட்டா போதுமுங்களா?"

போதாது. ஷட்டரை இழுத்தால் தொழில் நிற்கும், ஃபர்ம் கலையாது. எல்லாப் பார்ட்னர்களுக்கும் இடையிலான கூட்டு அறுவதுதான் கலைப்பு. மூவரும் சம்மதித்து எழுதிக்கொள்ளலாம். கால வரம்பில்லாத, இஷ்டம் உள்ளவரை நடக்கும் கூட்டு என்றால், ஒருவர் மற்ற எல்லாருக்கும் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாலே போதும். நோட்டீஸில் குறித்த நாளில் கலையும், நாள் குறிக்காவிட்டால் அது போய்ச் சேர்ந்த நாளில். நம்ம பக்கத்து டீடுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். ஒரு பார்ட்னர் மனநிலை சரியில்லாமல் போவது, ஒப்பந்தத்தைத் தொடர்ந்து மீறுவது, நஷ்டம் தவிர வேறு வழியில்லாத நிலை ஆகியவற்றில் நீதிமன்றத்தை அணுக வேண்டும்.

கலைத்த பிறகும் பொது அறிவிப்பு கொடுக்கும்வரை, ஒரு பார்ட்னர் செய்யும் காரியம் மற்றவரை வெளியாரிடம் கட்டும். விலகலில் சொன்ன அதே பொறிதான், பிரிவு 45. ஸ்டாம்பையும் காலிச் செக் புக்கையும் அன்றைக்கே ஒரு கவரில் போட்டு மூவரும் கையெழுத்திட்டு ஒட்டி, ஆடிட்டர் ஆபீஸில் வைக்கச் சொல்வது என் வழக்கம்.

மற்றபடி பார்ட்னர்களின் அதிகாரம் அடியோடு போய்விடாது. தொழிலை முடித்துக் கட்டவும், பாதியில் நிற்கும் வேலையை முடிக்கவும் தேவையான அளவுக்கு இருக்கும். வர வேண்டிய பாக்கியை வசூலிக்கலாம், மெஷினில் ஏறிய துணியை ஓட்டிக் கொடுக்கலாம். புது ஆர்டர் எடுக்க முடியாது.

"வித்து வர்ற காசு எப்படிப் பிரியும்? போட்ட முதல் திரும்ப வருமுங்களா?"

டீடில் வேறு மாதிரி எழுதவில்லையென்றால் பிரிவு 48 சொல்லும் வரிசைதான். முதலில் வெளியார் கடன். அடுத்து, முதலுக்கு மேல் பார்ட்னர் ஃபர்முக்குக் கொடுத்த கடன். அதன் பிறகு பார்ட்னர்கள் போட்ட முதல். அப்புறமும் மிஞ்சினால்தான் லாப விகிதப்படி.

நம் ஃபர்மில் போடுவோம். மெஷின், ஸ்டாக், வசூலான பாக்கி எல்லாம் சேர்த்து 39 லட்சம் வந்தது. வெளியார் கடன் 25 லட்சம். பெரியவர் ஒரு தீபாவளி போனஸ் சமயத்தில் முதலுக்கு மேல் 6 லட்சம் கடனாகக் கொடுத்திருந்தார். 25-ஐ அடைத்தால் 14, பெரியவருக்கு 6-ஐக் கொடுத்தால் 8 மிச்சம். ஆனால் திருப்ப வேண்டிய முதல் 20, 10, 2, ஆக 32 லட்சம். துண்டு விழுவது 24.

இந்த 24-ஐ முதல் போட்ட விகிதத்தில் பிரிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம், மாஸ்டர்கள் குறிப்பாக. அப்படி இல்லை. முதல் குறைந்ததும் நஷ்டம்தான், நஷ்டம் லாப விகிதத்தில் போகும். ஆளுக்கு 8 லட்சம். பெரியவரின் 20 பன்னிரண்டாகும், மச்சானின் 10 இரண்டாகும். மாஸ்டர் போட்டது 2, நஷ்டம் 8, ஆகவே அவர் கையிலிருந்து 6 லட்சம் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் கையில் 14 இருக்கும். பெரியவர் 12, மச்சான் 2 வாங்கிக்கொண்டு கணக்கு முடியும்.

"உழைப்பத்தானுங்க போட்டேன், காசும் கொடுக்கணுமா?" என்று மாஸ்டர் கேட்பார். டீடில் சம நஷ்டம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே. அவருக்கு லாபத்தில் மட்டும் பங்கு, நஷ்டத்தில் இல்லை என்று முதலிலேயே எழுதியிருக்கலாம். மூன்று பார்ட்னர்களுக்குள் அது செல்லும், நூல்காரரிடம்தான் செல்லாது.

"மாஸ்டர் கையில ஒண்ணுமில்லீங்க, திவாலுன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. அந்த 6 லட்சம்?"

மற்ற இருவரும் தாங்க வேண்டும். எந்த விகிதத்தில் என்பதில்தான் வேடிக்கை. 1904-இல் இங்கிலாந்தில் கார்னர் எதிர் முர்ரே என்று ஒரு தீர்ப்பு வந்தது. அதன்படி, திவாலான பார்ட்னர் கொண்டுவராத தொகை லாப விகிதத்தில் பிரியாது, மற்றவர்கள் போட்ட முதலின் விகிதத்தில் பிரியும். நம் பிரிவு 48-இன் வாசகமும் இங்கிலாந்துச் சட்டத்தை ஒட்டியே இருப்பதால், டீடில் வேறு ஏற்பாடு இல்லாதபோது நம் கணக்காளர்களும் இதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

பெரியவரும் மச்சானும் தங்கள் நஷ்டப் பங்கு 8, 8 லட்சத்தை முதலில் கொண்டுவந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் 8-உம் 16-உம் சேர்ந்து 24. திருப்ப வேண்டிய முதல் 20-உம் 10-உம், ஆக 30. குறையும் 6 லட்சம் 20-க்கு 10 என்ற விகிதத்தில், பெரியவருக்கு 4, மச்சானுக்கு 2. பெரியவர் 16 வாங்குகிறார், கொண்டுவந்தது 8, நிகரமாக 8. மச்சான் வாங்குவது 8, கொண்டுவந்ததும் 8, நிகரமாகச் சுழி. நடைமுறையில் காசை இப்படிச் சுற்ற வைப்பதில்லை, மிச்சமிருந்த 8 லட்சத்தையும் பெரியவர் எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும்.

இதையே சமமாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு 3 லட்சம். மச்சானுக்கு வர வேண்டியது 2-தான், ஆகவே அவர் கையிலிருந்து ஒரு லட்சம் கொடுக்க வேண்டியிருக்கும், பெரியவருக்கு 9 கிடைத்திருக்கும். பணம் அதிகம் போட்டவரே அதிகம் தாங்க வேண்டும் என்ற இந்த விதி எனக்கு அவ்வளவு நியாயமாகத் தோன்றவில்லை. பிடிக்காதவர்கள் டீடில் மாற்றி எழுதிக்கொள்ளத் தடையில்லை. திவால் பற்றி ஒரு பத்தி எழுதிய டீடை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"ஃபர்ம பதிவே பண்ணலைங்க. அப்ப எங்கமேல கேஸ் போட முடியாதில்ல?"

தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் மற்றவர்கள் தாராளமாகப் போடலாம். ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிக்கு நீங்கள் வெளியார் மேல் போடத்தான் பிரிவு 69 தடை. பார்ட்னர்களுக்குள்ளும் தடை உண்டு. ஆனால் கலைக்கச் சொல்லியும், கலைந்த ஃபர்மின் கணக்குக் கேட்டும், கலைந்த ஃபர்மின் சொத்தை வசூலிக்கவும் வழக்குப் போடலாம்.

"செக் ரிட்டர்ன் ஆச்சு. மூணு பேர் மேலயும் கேஸ். கையெழுத்துப் போடாத எனக்கும் ஜெயிலுங்களா?"

இங்கே விதி வேறு. கடன் கட்டும் பொறுப்பு எல்லாப் பார்ட்னருக்கும் உண்டு, குற்றப் பொறுப்பு அப்படி இல்லை. செக் வழக்கில் ஃபர்மும், கையெழுத்துப் போட்டவரும், அந்தச் சமயத்தில் ஃபர்மின் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களும்தான் மாட்டுவார்கள். கோவையில் உட்கார்ந்துகொண்டு மாதம் ஒருமுறை கணக்குப் பார்த்த பார்ட்னர், பார்ட்னர் என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றவாளி ஆகமாட்டார். அவர் எப்படிப் பொறுப்பில் இருந்தார் என்பதைப் புகாரிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

"கணக்கே முடிக்காம மச்சான் இழுத்தடிக்கறாருங்க. எப்ப வரைக்கும் பொறுக்கலாம்?"

கலைந்த நாளிலிருந்து 3 வருஷம். அதற்குள் கணக்குக் கேட்டு வழக்குப் போட வேண்டும், இது காலவரம்புச் சட்டத்தின் 5-ஆவது இனம். "நோம்பி முடியட்டும், கல்யாணம் முடியட்டும்" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கையில் இந்த 3 வருஷம் ஓடிவிடும். பேச்சுவார்த்தை நடந்தது என்பதற்காகக் காலம் நீளாது. மச்சான் தன் பொறுப்பை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், காலம் முடியும் முன் அது வந்திருந்தால், அந்தக் கையெழுத்து நாளிலிருந்து புதிதாக ஓடும்.

தகராறு பெரும்பாலும் எந்த நாளில் கலைந்தது என்பதில்தான் வரும். வாய் வார்த்தையில் பிரிந்தவர்களில் ஒருவர் ஆடி என்பார், இன்னொருவர் தை என்பார். இஷ்டக் கூட்டு என்றால், இன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி நாளைக் குறித்துவிடுங்கள், ரசீதைக் கட்டில் வையுங்கள்.